41 கிலோ போன பிறகும் தோல் ஏன் தொங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 41. மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். கல்யாணம் கழிந்ததில் இருந்தே உடம்பு கூடிக்கூடி 112 கிலோ வரை போனேன், சுகரும் வந்தது. 14 மாதத்தில் 71 கிலோவுக்கு இறங்கினேன், நாலு மாதமாக அதிலேயே நிற்கிறது. உயரம் 158 செ.மீ. இப்போது அடிவயிறு மடிந்து தொங்குகிறது, கையைத் தூக்கினால் சதை ஆடுகிறது. மடிப்புக்குள் அரிப்பு வேறு. மெடிக்கல் ஷாப்பில் தந்த டியூப் போட்டால் இரண்டு நாளில் போகும், திரும்ப வரும். கடையில் கூட நிற்கிற பையன் 30 கிலோ குறைத்தான், அவனுக்கு ஒன்றும் தொங்கவில்லை. நான் வேகமாகக் குறைத்ததுதான் தப்பா? இன்னும் குறைத்தால் இது போகுமா? மாமியார் கொஞ்சம் சதை போடச் சொல்கிறார்கள். தோலை இறுக்கும் கிரீம் என்று 3,500 ரூபாய்க்கு ஒருவர் தருகிறார், வாங்கலாமா?
பெயர் வேண்டாம், குழித்துறை

பதில்: சகோதரி, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. மெதுவாகக் குறைத்திருந்தால் தோல் கூடவே சுருங்கி வந்திருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நிரூபிக்கிற வலுவான ஆதாரம் எதுவும் கிடையாது. பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தால் தசை கரையும், தோலும் வதங்கித் தெரியும், அது உண்மை. ஆனால் கடைசியில் எவ்வளவு தோல் மிஞ்சும் என்பது, நீங்கள் குறைக்கத் தொடங்கிய நாளுக்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிட்ட விஷயம்.

தோலின் மேல் பரப்புக்குக் கீழே கனமான ஓர் அடுக்கு இருக்கிறது. அதில் இரண்டு வகை நார்கள். கொலாஜன் தோலுக்கு உறுதி தருகிறது, எலாஸ்டின் இழுத்தால் திரும்பும் தன்மையைத் தருகிறது. கொலாஜனை உடம்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எலாஸ்டின் அப்படி அல்ல. அதன் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உண்டாகிவிடுகிறது. வளர்ந்தபின் அறுந்துபோன எலாஸ்டின் நாருக்குப் பதிலாக, அதே ஒழுங்கில் புதிய நார் வருவது அரிது. பல வருஷம் ஒரு பெரிய பொட்டலத்தைச் சுற்றி இறுகிக் கிடந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் பாருங்கள், பழைய அளவுக்கு அது வராது. உங்கள் அடிவயிற்றுத் தோலில் நடந்திருப்பதும் அதுதான். எடை வெகுவாகக் குறைந்தவர்களின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் நார்கள் மெலிந்தும் அறுந்தும் ஒழுங்கு கலைந்தும் தெரியும்.

அதனால் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எவ்வளவு தூரம் விரிந்தது? எத்தனை வருஷம் விரிந்தே இருந்தது? அந்தப் பையனையும் உங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அவனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், கூடிய எடையைச் சுமந்ததும் சில வருஷமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கோ கல்யாணம் முதல் கூடிய உடம்பு, இடையில் இரண்டு கர்ப்பம். கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் சில மாதத்துக்குள் தன் எல்லை வரை விரிகிறது. வயது கூடக்கூட கொலாஜன் உற்பத்தியும் குறைந்துகொண்டே வரும். 112-இல் 41 கிலோ என்றால் இருந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 30 கிலோவுக்கும் 41 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்தக் காரணங்கள்தான் பெரியவை. புகைபிடிப்பவர்களுக்கும், வெயிலில் நெடுங்காலம் தோல் காய்ந்தவர்களுக்கும் நார்கள் இன்னும் சீக்கிரம் சிதையும். குடும்ப வாகு என்று ஒன்றும் இருக்கிறது, அதை நாம் மாற்ற முடியாது.

சிசேரியன் தழும்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது அடியில் உள்ள திசுவோடு ஒட்டிப் பிடித்திருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள தோலுக்குப் பிடிமானம் இல்லாததால், அது தழும்பின் மேல் மடிந்து விழும். ஒரே அளவு குறைத்த இரண்டு பெண்களில் சிசேரியன் ஆனவருக்கு மடிப்பு ஆழமாகத் தெரிவது இதனால்தான்.

இனி நீங்களே ஒன்று பார்த்துச் சொல்லலாம். புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். அதற்குள் கொழுப்பு அநேகமாக இல்லை, மெல்லியதாக இருக்கும். அதே மாதிரி மேல் கையின் பின்பக்கத்தைக் கிள்ளுங்கள், பிறகு நேராக நின்றுகொண்டு தொப்புளுக்குக் கீழே உள்ள மடிப்பைப் பிடியுங்கள். விரல்களுக்கு இடையில் புறங்கை போலத் துணி மடிப்பாக மெல்லியதாக வந்தால் அது வெறும் தோல். தடித்து, மெத்தென்று ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் வந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 71 கிலோ என்றால் பி.எம்.ஐ. 28.4. என் அனுபவத்தில் இந்த அளவில் இருப்பவர்களுக்குக் கை பெரும்பாலும் தோலாகவும், வயிறு தோலும் கொழுப்பும் கலந்ததாகவும் இருக்கும். தோலைக் கிள்ளும்போது வெள்ளை வரிகளையும் கவனியுங்கள். அவை நெருக்கமாக ஓடுகிற இடத்தில் உள்ளடுக்கு கிழிந்து தழும்பாகியிருக்கிறது, அந்த இடம் சுருங்குவது குறைவு.

இன்னும் குறைக்கலாமா என்பதற்கு இந்தக் கிள்ளல்தான் பதில். வயிற்று மடிப்பு தடிப்பாக இருந்தால், இன்னும் ஆறேழு கிலோ இறங்குவது சுகருக்கும் நல்லது, மடிப்பின் கனமும் குறையும். ஆனால் மடிப்பு மறையாது, மெலிந்து கூடுதலாகச் சுருங்கித் தொங்கும். கையில் ஏற்கெனவே வெறும் தோல்தான் என்றால், அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்தால் தசைதான் போகும், கை இன்னும் ஆடும். தொங்குவதைக் கொழுப்பு என்று தவறாக நினைத்து ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, முடி கொட்டி, ரத்தம் குறைந்து வருகிற பெண்களை நான் பார்க்கிறேன். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். மாமியார் சொல்வதும் வேண்டாம். சதை போட்டால் தோல் நிரம்பியது போலத் தெரியும், ஆனால் மீதமிருக்கும் நார்களும் இழுபடும், சுகரும் திரும்பும்.

காலம் கொஞ்சம் உதவும். எடை நிலைத்த பிறகு ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம் வரை தோல் மெல்ல இறுகும். உங்களுக்கு நாலு மாதம்தான் ஆகிறது. முகம், முதுகு, மார்புக்கூட்டுப் பக்கம் நன்றாகச் சேரும். கையும் உள்தொடையும் சுமார். அடிவயிற்று மடிப்பு உங்கள் அளவுக்கு இருந்தால் தானாக மறையும் என்று நான் சொல்ல மாட்டேன். கைக்குத் தண்ணீர் பாட்டிலோ டம்பெல்லோ வைத்து, தலைக்குப் பின்னால் மடக்கி நீட்டுகிற பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள், கனத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். தோல் சுருங்காது, ஆனால் பின்கைத் தசை பருத்து உள்ளே கொஞ்சம் நிரப்பும். அதற்குப் புரதம் வேண்டும். மரச்சீனியும் கஞ்சியும் மட்டும் போதாது. நேரத்துக்கு நேரம் சாளையோ நெத்திலியோ முட்டையோ சிறுபயறோ தட்டில் இருக்கட்டும். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

கிரீம் வாங்க வேண்டாம். கொலாஜன் மூலக்கூறு பெரியது, தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போகாது. ஈரப்பதம் ஏற்றுவதால் ஓரிரு மணி நேரம் மினுமினுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். வயிற்றுப் பெல்ட் கட்டியிருக்கும் நேரம் மட்டும் பிடித்து நிறுத்தும். கடையில் நாள் முழுக்க நிற்கும்போது அது வசதி என்றால் கட்டுங்கள், ஆனால் அடியில் வியர்வை தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்த டியூப். இரண்டு நாளில் அரிப்பு நின்று திரும்ப வருகிறது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். டியூபின் பின்பக்கத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று படியுங்கள். பூஞ்சையின் சிவப்பையும் அரிப்பையும் மறைத்து, பூஞ்சையைப் பரவ விடுவது அதுதான். போதாததற்குத் தோலை மெலிய வைக்கும், மடிப்புக்குள் புதிய வரிகளைக் கிழிக்கும். ஏற்கெனவே நார் அறுந்த தோலுக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, காற்றில் ஈரம் குறைகிற மாதங்களே கொஞ்சம். மடிப்பு ஈரமாகவே கிடக்கும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஃபேன் காற்றில் உலர விடுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, துவைத்துக் காயவைத்த துண்டை மடிப்புக்குள் வையுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். வேலைக்குப் போகும்போது பையில் இரண்டு துண்டு இருக்கட்டும். குளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீமை மெல்லியதாகக் காலையும் மாலையும் இரண்டு முதல் நான்கு வாரம் போடுங்கள், அரிப்பு நின்ற மறுநாளே நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு டியூபை நெடுநாள் போட்டிருந்தால் நிறுத்தியதும் சில நாள் சிவப்பு கூடலாம். இரண்டு வாரத்தில் குறையவில்லை, நாற்றம் வருகிறது, வெடித்து நீர் கசிகிறது என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டுங்கள், அந்த டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். காய்ச்சலோ, சிவப்பு வேகமாகப் பரவுவதோ இருந்தால் அன்றே போக வேண்டும். மூன்று மாதச் சராசரி சுகரையும் ஒருமுறை பாருங்கள். சுகர் கூடியிருந்தால் எந்தக் கிரீமும் நிலைக்காது.

மிஞ்சிய தோலை நிச்சயமாக எடுக்க முடிவது அறுவை சிகிச்சையில்தான். எடை ஆறு மாதமாவது அசையாமல் நின்றபிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும். இன்னும் ஆறு கிலோ குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் குறைத்துவிடுங்கள், வெட்டிய பிறகு குறைத்தால் திரும்பத் தொங்கும். இதில் இரண்டு வகை உண்டு. தொங்குகிற மடிப்பை மட்டும் நீக்குவது ஒன்று. தொப்புளை மாற்றி வைத்து, கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசையையும் சேர்த்துத் தைப்பது இன்னொன்று. இரண்டிலும் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு இருக்கும், உள்ளாடைக்குள் மறைத்துவிடலாம். கையில் செய்தால் அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு விழும், ரவிக்கைக் கைக்கு வெளியே தெரியும். அதனால் கைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, அது நியாயமான முடிவுதான். வெட்டிய இடத்தில் நீர் கோப்பது, தையல் பிரிவது, சீழ் பிடிப்பது எல்லாம் நிறைய எடை குறைத்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். ஆகவே ரத்த அளவு, புரதம், பி12, சுகர் எல்லாம் சரியான பிறகே தேதி குறிக்க வேண்டும். பல வாரங்களுக்குத் துணிக்கட்டு தூக்கக் கூடாது, கடையில் லீவு கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவரிடம் மட்டும் போங்கள். அழகுக்கான சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக மறுத்துவிடும். மடிப்பில் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கான ஓ.பி. சீட்டுகளையும் புகைப்படங்களையும் தேதியோடு சேர்த்துவைத்து, ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே அவர்களிடம் அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.