சித்தியின் வளையல்களும் ஒரு பனை மரமும்

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் திருமணமாகி ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. ஸ்தோத்திர ஆராதனை முடிந்ததும் குடும்பத்தின் சார்பில் நான் ஐந்து நிமிடம் ஆசி உரை வழங்க வேண்டும். 128ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள் என்கிறார் அத்தை. ஆனால் அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் பிள்ளைகளான எங்கள் மூவரையும் அவர்கள்தான் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தார்கள். நடுவில் சித்தப்பாவின் கடை நொடித்து, சித்தியின் வளையல்கள் அடகில் மூழ்கி, இருவருக்கும் பேச்சே இல்லாத காலமும் இருந்தது. எந்த வசனம் பொருந்தும்? அந்தக் காலத்தைச் சொல்லலாமா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

128ஆம் சங்கீதம் வேண்டாம். 'உன் பிள்ளைகள் உன் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகளைப்போல் இருப்பார்கள்' என்ற வரியை நான் ஒருமுறை இப்படிப்பட்ட மேடையில் வாசித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த அம்மையார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை இன்றுவரை மறக்க முடியவில்லை.

92ஆம் சங்கீதத்தை எடுங்கள். 'நீதிமான் பனையைப்போல் செழித்து' என்று 12ஆம் வசனம் சொல்கிறது. எபிரெய மூலத்தில் அந்தச் சொல் பேரீச்ச மரத்தைக் குறிக்கும். தமிழில் அது பனையாக நம் கைக்கு வந்திருக்கிறது. நான் சொல்லப்போகும் இயல்பு இரண்டு மரத்துக்கும் பொது. அதே வசனத்தில் கேதுருவும் வரும். அதைத் தொடாதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு மரம் போதும்.

வேம்பிலோ புளியிலோ வெட்டு விழுந்தால் சில ஆண்டுகளில் பட்டை வளர்ந்து காயத்தை மூடிவிடும். பனை அப்படி மூடாது. பட்டைக்கு அடியில் புதுத் திசுவை வளர்க்கும் அடுக்கு அதற்கு இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் விழுந்த அரிவாள் வெட்டு இன்றும் அதே இடத்தில் தெரியும். ஆனாலும் மரம் சாவதில்லை. நீர் ஏறும் குழாய்கள் தண்டு முழுவதும் பரவியிருப்பதால் ஓரிடம் அறுந்தாலும் மற்ற இடங்கள் வழியே நீர் ஏறும். உச்சியில் ஒற்றைக் குருத்து. அது இருக்கும்வரை ஓலை வரும். அது போனால் மரம் போயிற்று. வயது ஏற ஏறத் தண்டின் வெளிப்புறம் வைரம் பாயும். உத்தரத்துக்கு முதிர்ந்த பனையைத் தேடுவது அதனால்தான்.

உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள் இருக்கிறது. அந்தக் காலத்தைச் சொல்லலாம், ஒரே ஒரு வாக்கியத்தில். கடன் எவ்வளவு, யார் மேல் தவறு, யார் முதலில் பேசினார் என்று போனால் வாழ்த்துரை பஞ்சாயத்தாகிவிடும். 'எல்லாம் ஆறிவிட்டது' என்றும் சொல்லாதீர்கள். அது உண்மையா என்று அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.

ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனியாக இருப்பதைச் சொல்ல ஆசை வரும். சொன்னால் பேச்சு காய்ப்பில் போய் முடியும், மறுபடியும் அதே குனிவு. ஆனால் 'முதிர்வயதிலும் கனிதந்து' என்ற சொற்களுக்கு அஞ்ச வேண்டாம். கர்த்தர் உத்தமர் என்று விளங்கப்பண்ணும்படியே அவர்கள் கனி தருகிறார்கள் என்கிறது சங்கீதம். அங்கே கனி என்பது சாட்சி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், சபையைப் பார்க்காமல் அவர்கள் பக்கம் திரும்பி நின்று இப்படித் தொடங்குவேன்:

'சித்தப்பா, சித்தி, பனையில் விழுந்த வெட்டு மூடுவதில்லை. இந்த வீட்டிலும் கடை போனது, வளையல் போனது, பேச்சு நின்ற நாட்களும் இருந்தன. அந்த நாட்களிலும் எங்கள் மூவருக்கும் காலையில் சாப்பாட்டுத் தூக்கு நிரம்பியிருந்தது. சித்தி நிரப்பினீர்கள், சித்தப்பா சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். குருத்து சாகவில்லை என்று எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. கர்த்தர் உத்தமர் என்பதை நாங்கள் வேதபாட வகுப்பில் படிப்பதற்கு முன்பே அந்தத் தூக்கில் பார்த்துவிட்டோம்.'

தூக்கு நான் வைத்த பொருள். உங்கள் வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றை அங்கே வையுங்கள், இரண்டாவது வேண்டாம். பிறகு வசனத்தை 12இலிருந்து 15வரை நிதானமாக வாசியுங்கள். வயதில் இளையவர் மூத்தவர்களை ஆசீர்வதிப்பது நம் வழக்கத்துக்கு ஒட்டாது. ஆகவே, 'ஆண்டவரே, இவர்களைப் புஷ்டியும் பசுமையுமாய்க் காத்தருளும்' என்று ஜெபமாக முடித்து, தலைகுனிந்து அவர்களுடைய ஆசியைக் கேளுங்கள். ஆரோனின் ஆசீர்வாதத்தைப் போதகருக்கு விட்டுவிடுங்கள்.

எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்க வாசித்து நேரம் பாருங்கள். அதற்குப் பிறகு, விழாவுக்கு முன்பே சித்தியிடம் தனியாக வாசித்துக் காட்டுங்கள். வளையல் அவருடையது. அந்த வரி வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள்.