பாதியில் நிறுத்திய ட்ரயல்: எல்லையையும் மதிப்பீட்டையும் எழுதுவது எப்படி? (கேள்வி பதில்)

"ஓ'ப்ரையன்–ஃப்ளெமிங் எல்லை என்று எழுதியாச்சு. ரிவ்யூவர் போதாது என்கிறார். இன்னும் என்ன வேணும்?"

அந்தப் பெயரில் இரண்டு எல்லைகள் புழங்குகின்றன. இருபக்க 5%, பாதியில் ஒரே ஒரு இடைக்காலப் பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1979-இன் மூல வடிவம் அங்கே இசட் 2.797 கேட்கும், லான்–டிமெட்ஸ் செலவுச் சார்பு வழியாகப் போனால் 2.963. இரண்டில் எது என்று எழுதாவிட்டால் ரிவ்யூவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? சார்பின் பெயரோடு, எத்தனை பார்வை திட்டமிட்டீர்கள், எத்தனை நடந்தது என்பதையும் சேருங்கள்.

"இலக்கு 400 மரணம். 200-இல் பார்க்க வேண்டியது, டேட்டா வந்து சேர்வதற்குள் 240 ஆகிவிட்டது. 2.963-ஐயே போடலாமா? நோயாளிகள் 90% சேர்ந்துவிட்டதால் 0.9 என்று எடுக்கணுமா?"

இரண்டும் வேண்டாம். உயிர்பிழைப்பு ட்ரயலில் தகவலை அளப்பது நிகழ்வுகள்தான், சேர்ந்த தலைகள் அல்ல. 240/400, அதாவது 0.6.

```
gsDesign(k=2, test.type=2, alpha=0.025,
         timing=0.6, sfu=sfLDOF)
```

எல்லை 2.669-க்கு இறங்கும், இருபக்க பி மதிப்பில் 0.0076. திட்டமிட்டதையும் நடந்ததையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கமாகப் போடுங்கள். ஏன் 240 ஆனது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போட்டிருந்தால் இந்தக் கணக்கின் உத்தரவாதமே போய்விடும்.

"240-இல் நிறுத்தினோம். ஹசார்ட் ரேஷியோ 0.66, இடைவெளி 0.51–0.85. நிலைவாரி வரிசைப்படி இடைநிலை-சார்பற்ற மதிப்பீடு போட்டாலும் அதே 0.66! புரோகிராமில் பிழையா? இல்லையென்றால், மதிப்பீட்டில் ஒருபக்கச் சார்பு இல்லை என்று எழுதிவிடலாமே?"

பிழை இல்லை. முதல் பார்வையிலேயே நிறுத்தினால் அந்த முறை சாதாரண மதிப்பீட்டையும் இடைவெளியையும் அப்படியே திருப்பித் தரும். ஆனால் 'ஒருபக்கச் சார்பு இல்லை' என்று எழுதாதீர்கள். நிற்கும், தொடரும் எல்லா ட்ரயல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது சார்பற்றது. சீக்கிரம் நின்றவற்றை மட்டும் பிரித்தால் பலன் சராசரியில் மிகையாகவே தெரியும், ஏனென்றால் எல்லையைத் தாண்டியவை மட்டுமே அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. வைட்ஹெட் முறைத் திருத்தம் உங்கள் 0.66-ஐ 1-ஐ நோக்கி நகர்த்தும். மறுபார்வை இடைவெளியில் 1.96-க்குப் பதில் 2.669 வரும், உங்களுக்கு ஏறத்தாழ 0.47–0.93. 0.85-க்கும் 0.93-க்கும் உள்ள தூரத்தை வாசகர் பார்க்கட்டும்.

சுருக்கத்தில் எதைப் போடுவது என்பதில் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நானாக இருந்தால் முன்கூட்டியே திட்டத்தில் எழுதியதைப் போடுவேன், மற்றதை முடிவுகள் பகுதியில் முறையின் பெயரோடு தருவேன். பெயர் சொல்லாமல் 'திருத்திய மதிப்பீடு' என்று மட்டும் எழுதுவதுதான் மோசம்.

"எங்கள் ட்ரயலில் இடைப்பார்வை பயனின்மைக்கு மட்டும்தான், அதுவும் கட்டுப்படுத்தாத எல்லை. கடைசிவரை ஓடியது. நாங்களும் 1.96-ஐ மாற்றணுமா?"

வேண்டாம், ஆல்ஃபா எதுவும் செலவாகவில்லை. பார்வை நடந்ததை மட்டும் மறைக்காதீர்கள்: பாதியில் மோசமாகத் தெரிந்த ட்ரயல்கள் அங்கேயே நின்றிருக்கும், ஆகவே தொடர்ந்தவற்றின் இறுதி மதிப்பீடும் சற்றே தூக்கலாக இருக்கும்.