மறுமதிப்பீட்டுக் கணக்கு: சரக்கு, கட்டடம், ஏட்டில் ஏறாத பாக்கி

அ, ஆ 3:2 கூட்டாளிகள். இ புதிதாகச் சேர்கிறார். கட்டடம் 2,00,000லிருந்து 2,40,000 ஆகிறது. ஏட்டில் 60,000 உள்ள சரக்கு 20% அதிகமாக மதிப்பிடப்பட்டுள்ளது. பதிவாகாத பழுதுபார்ப்புக் கூலி 5,000 தரவேண்டும். எனக்கு மறுமதிப்பீட்டு லாபம் 23,000 வருகிறது, விடை 25,000. எங்கே தப்பு?

சரக்கில்தான். 60,000-இல் 20% என்று 12,000 கழித்திருக்கிறீர்கள். அந்த 20% கூடியது உண்மை மதிப்பின் மேல். உண்மை 100 என்றால் ஏட்டில் 120. ஏட்டில் 60,000 என்றால் உண்மை 50,000. ஆக நட்டம் 10,000. ‘20% குறைக்கவும்’ என்று இருந்தால் உங்கள் 12,000 சரி. அந்த வினைச்சொல்லைப் பார்க்காமல் கணக்கைத் தொடாதீர்கள்.

அப்புறம், வரவில் கட்டடம் 40,000. பற்றில் சரக்கு 10,000, கூலி 5,000. மீதி 25,000-ஐ பழைய விகிதத்தில் பிரித்தால் அ-வுக்கு 15,000, ஆ-வுக்கு 10,000. இ வருமுன் ஏறிய விலை என்பதால் அவருக்கு இதில் பங்கில்லை.

கூலியை நேராகப் பொறுப்பில் எழுதிவிட்டால் போதாதா?

இருப்புநிலைக் குறிப்பு சரியாக 5,000 உதைக்கும். பொறுப்பு கூடினால் யாராவது ஒருவருடைய முதல் கணக்கு குறைய வேண்டும். வேலையை வாங்கிக்கொண்டவர்கள் பழைய கூட்டாளிகள், அதனால் அவர்களுடையது குறைகிறது. அதற்கான வழிதான் மறுமதிப்பீட்டுக் கணக்கு.

எங்கள் கடையில் இப்படி ஒரு பாக்கியை என் கூட்டாளி சொந்தப் பணத்தில் கட்டிட்டார். பதிவே வேண்டாம்தானே?

வேண்டும். மறுமதிப்பீட்டில் பற்று, அவர் முதல் கணக்கில் வரவு. அவரே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

உறுதியாகாத பொறுப்பை எழுதவே கூடாது. எங்கள் மேல் நட்டஈட்டு வழக்கு இருக்கிறது, அதையும் எழுதச் சொல்வீர்களா?

பாதி சரி. கூலி உறுதியானது, வேலை முடிந்துவிட்டது. வழக்கில், பணம் போக வாய்ப்பு அதிகம் என்று தெரிந்து, தொகையையும் மதிப்பிட முடிந்தால் ஒதுக்கீடு எழுதுங்கள். இல்லையென்றால் இருப்புநிலைக் குறிப்பின் அடிக்குறிப்பில் காட்டி, பாதகமாகத் தீர்ப்பு வந்தால் பழையவர்களே தாங்குவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அதில் யார் கையெழுத்துப் போடுவார்? இ கொண்டுவரும் தொகையைக் குறைப்பதுதான் நியாயம்.

வழக்கு தள்ளுபடியானால் இ-க்கு அந்தக் குறைப்பு இலவசமாகப் போய்விடும். நான் ஒப்பந்த வரியையே கேட்பேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது புரிகிறது.

சரக்கு 20% என்றால் 12,000தானே வரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

நற்பெயரையும் இதிலேயே சேர்க்கலாமா?

கூடாது. இ தரும் நற்பெயர்த் தொகை, லாபப் பங்கை விட்டுக்கொடுத்தவர்களின் முதல் கணக்குக்கு, தியாக விகிதத்தில் போகும். தனியாகக் கேளுங்கள்.

ஏட்டில் மதிப்பை மாற்ற வேண்டாம் என்று மூவரும் முடிவெடுத்தால்?

அப்போதும் 25,000 காணாமல் போகாது. பழைய விகிதத்தில் அ, ஆ-வுக்கு வரவு வைத்து, புதிய விகிதத்தில் மூவருக்கும் பற்று எழுத வேண்டும். கட்டடம் 2,00,000-ஆகவே நிற்கும். இ-யின் பங்கு மட்டும் அவர் முதல் கணக்கிலிருந்து பழையவர்களுக்கு நகரும்.