சாய்தளம் கட்டி முடிந்த பிறகு வரும் கடிதங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரதேச சபை பற்றியவை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு இரண்டு வருட இடைவெளி முடிந்து சபைகளில் மறுபடியும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அதனால் கேட்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை மாற்றுத்திறனாளிகள் சங்கங்களுக்கு வந்திருக்கிறது போல. நல்லது.

கேள்வி: மாதாந்தக் கொடுப்பனவுப் பட்டியலில் என் பெயர் விடுபட்டுவிட்டது. தவிசாளருக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. என்ன செய்யலாம்? (புதுக்குடியிருப்பு)

மூன்று கடிதமும் தவறான கந்தோருக்குப் போயிருக்கின்றன. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. கொடுப்பனவுக்குச் செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். உள்ளூர் வீதி, சந்தை, நூலகம், பொது மலசலகூடம், தெருவிளக்கு, பூங்கா என்றால்தான் சபை. அதிலும் A9 போன்ற பெரிய வீதிகள் சபைக்கு உரியவை அல்ல. இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த மாதம் இதே கேள்வி வருகிறது. கடிதம் எழுத உட்கார முன் "இது யாருடைய வேலை" என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கம் பதியப்படவில்லை. பதியாமல் சபைக்குக் கோரிக்கை வைக்க முடியுமா? (கரைச்சி)

முடியும். அந்தப் பிரதேசத்தில் குடியிருக்கிற யாரும் சபைக்கு எழுதலாம். பதிவு தேவைப்படுவது வங்கிக் கணக்குத் திறக்கவும் நிதி பெறவும்தான். ஆனால் கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும். "இன்ன திகதி, இத்தனை பேர் கூடி இந்தத் தீர்மானத்தை எடுத்தோம்" என்ற பக்கத்தின் பிரதியைக் கடிதத்துடன் இணைத்துவிட்டால், இது ஒரு ஆளின் விருப்பம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. உங்களிடம் இருக்கும் பிரதியில் சபையின் திகதி முத்திரை இல்லாமல் படி இறங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சந்தையில் புதிதாகக் கட்டிய மலசலகூடத்துக்குச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், ஆனால் சக்கர நாற்காலி ஏறவில்லை. பின்னால் இரண்டு பேர் தள்ளினாலும் முன்சில்லு தூக்குகிறது. கட்டி முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது? (முல்லைத்தீவு மாவட்டம், ஊர்ப் பெயர் வேண்டாம் என்கிறார்)

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். வன்னியில் இப்படி எத்தனை சாய்தளங்களை நான் பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். வாசல் நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரம், சாய்தளத்தின் நீளம் ஒன்றரை மீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். அளந்து எழுதியதற்கு நன்றி, பெரும்பாலானோர் "சரிவு கூட" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள். சாய்தளத்துக்குப் பொதுவான அளவு 1:12, அதாவது ஒரு பங்கு உயர்வதற்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 45 சென்ரிமீற்றருக்கு 5.4 மீற்றர் வேண்டும். உங்களுடையது ஏறத்தாழ 1:3. அதில் யாரும் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது ஆள் முன்னால் விழும் ஆபத்தும் இருக்கிறது. மேலே கதவுக்கு முன்னால் ஒன்றரை மீற்றர் சமதளமும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கையால் கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னால் உருளும். முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோகலாம், அல்லது 2.7 மீற்றர் ஏறி, ஒரு சமதளத்தில் திரும்பி, மறுபடி 2.7 மீற்றர் ஏறலாம். மாரி வெள்ளத்துக்காக அத்திவாரத்தை உயர்த்தியிருப்பார்கள், அதைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. நீளத்தைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வேலையின் வரைபடப் பிரதியையும் மதிப்பீட்டுப் பிரதியையும் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். வரைபடத்தில் 5.4 மீற்றர் இருந்து ஒப்பந்தக்காரர் ஒன்றரையில் முடித்திருந்தால், சபை அவருடைய பணத்தில் ஒரு சிறு பங்கைப் பிழை திருத்தும் காலம் முடியும்வரை பிடித்து வைத்திருக்கும். அந்தப் பணம் விடுபட முன் உங்கள் முறைப்பாடு கோவைக்குள் போக வேண்டும். வரைபடத்திலேயே ஒன்றரை மீற்றர்தான் என்றால் ஒப்பந்தக்காரரைத் திட்டிப் பயனில்லை. திருத்த வேலையை அடுத்த பாதீட்டில்தான் கேட்க வேண்டும். பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இலிருந்து இருக்கின்றன, புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு அமைய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் கட்டளையும் இட்டிருக்கிறது. கடிதத்தில் இந்த இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள், போதும். மிச்சப் பக்கத்தை அளவுகளுக்கு விடுங்கள்.

எங்கள் சங்கம் இதைப் பட்டுத்தான் படித்தது. ஒரு சபையின் நூலகத்துக்காக முதலில் நாங்கள் கொடுத்த கடிதத்தில் "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வசதி செய்து தரவும்" என்று இருந்தது, அவ்வளவுதான். "கவனத்தில் எடுக்கப்படும்" என்று பதில் வந்தது, எதுவும் நடக்கவில்லை. அடுத்த தடவை மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய் நீர்மட்டக் குழாயால் உயரம் எடுத்து, ஒரு தாளில் படம் கீறி, வட்டார உறுப்பினர்கள் இரண்டு பேரிடம் நேரில் கொடுத்தோம். ஒருவர் பிரேரணை கொண்டுவந்தார், மற்றவர் வழிமொழிந்தார், ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. நாங்கள் சந்தோசப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஆனால் பாதீட்டில் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. பணமில்லாத தீர்மானம் கோவைக்குள்தான் கிடக்கும் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. அடுத்த வருடம் ஒதுக்கினார்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்க வந்த நாளில் எங்களில் மூன்று பேர் அங்கே நின்றோம், ஒருவர் சக்கர நாற்காலியில். கதவு உள்ளே திறப்பதால் நாற்காலி திரும்ப இடமில்லை என்பதை அந்த உத்தியோகத்தர் அன்றுதான் கண்ணால் கண்டார், உடனே அதை வெளியே திறக்கிற மாதிரி மாற்றி எழுதினார். அந்த அரை மணித்தியாலம் எங்கள் எல்லாக் கடிதங்களையும் விடப் பெரிய வேலை செய்தது.

அதனால்தான் சொல்கிறேன், மதிப்பீடு எழுத முன் போங்கள். சபைகள் எங்களைத் தேடி அழைப்பது டிசம்பர் 3 ஆம் திகதி, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு. மாலை போடுவார்கள், பேச்சு நடக்கும், நாங்களும் கோரிக்கைக் கடிதம் கொடுப்போம். ஆனால் அடுத்த வருடப் பாதீடு டிசம்பர் முடிய முன் நிறைவேற வேண்டும், அதன் வரைவு ஒக்ரோபர், நவம்பரிலேயே தயாராகிவிடும். டிசம்பர் 3 அன்று கொடுக்கும் கோரிக்கை அநேகமாக ஒரு வருடம் காத்திருக்கும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் கொடுங்கள். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது போய், உங்கள் வேலை எந்த வரியில் எவ்வளவு பணத்துடன் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர்களிடம் கதையுங்கள். எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகளில் தவிசாளருக்கு ஒவ்வொரு வாக்கும் தேவை, அந்த நேரத்தில் உறுப்பினர் கேட்கும் சின்ன விடயங்கள் உள்ளே போகும்.

கேள்வி: சபையின் குழுக்களில் எங்கள் சங்கத்தவர் இருக்க முடியுமா, அல்லது உறுப்பினர்கள் மட்டும்தானா? (பூநகரி)

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, ஆலோசனைக் குழுக்களில் உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் குடியிருப்பவர்களையும் சேர்க்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது தொழில்நுட்ப சேவைகள் குழு. வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழுவில் போட்டுவிட்டு "உங்களுக்கு இடம் தந்துவிட்டோம்" என்பார்கள், ஆனால் வீதி, கட்டடம் எல்லாம் மற்றதில்தான் பேசப்படும். ஒன்றை மறக்காதீர்கள், குழு ஆலோசனைதான் சொல்லும், முடிவு எடுப்பது சபை. குழுவில் ஒத்துக்கொண்ட விடயம் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வந்ததா என்று பின்தொடர ஒரு உறுப்பினர் வேண்டும். கூட்டம் மாடியில் நடக்கிறதா என்பதையும் முதலே கேளுங்கள். மாடியென்றால் கீழே நடத்தும்படி எழுத்தில் கொடுங்கள், முத்திரையோடு.

கேள்வி: பெண்களுக்கு 25 வீதம் இருப்பதுபோல எங்களுக்கும் சபையில் ஒதுக்கீடு உண்டா? (வவுனியா)

இல்லை. கட்சிகளிடம் வேட்பாளர் பட்டியலிலும் மேலதிகப் பட்டியலிலும் இடம் கேட்பதுதான் இப்போதைக்கு வழி. பட்டியல் ஒப்பமாகிய பிறகு கேட்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. விளையாட்டு மைதானத்துக்குப் போக ஆசை, ஆனால் வழியில் மதகு உடைந்து கிடக்கிறது. அவனுக்காக நான் சபைக்குப் போய்க் கதைக்கலாமா அக்கா? (மாந்தை கிழக்கு)

போங்கள் அம்மா, ஆனால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 24 வயது ஆள், அவர் நடக்கும் வழி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்கள் சங்கத்தில் இப்படி ஒரு தம்பி கைபேசியில் நாலு படம் எடுத்து வந்தார்: வீடு, உடைந்த மதகு, தான் சுற்றிப் போகும் வயல் வரம்பு, மைதானம். படத்தைக் காட்டி "இதில விழுந்தனான்" என்று ஒரு வசனம் சொன்னார். உறுப்பினர் அவரைப் பார்த்தே மிச்சத்தைக் கேட்டார். நீங்கள் பக்கத்தில் இருங்கள், அவர் தடுமாறினால் எடுத்துக் கொடுங்கள். கேள்வி உங்களிடம் வந்தால் "அவரிடம் கேளுங்கள்" என்று திருப்பிவிடுங்கள். அந்த மதகு நீர்ப்பாசன வாய்க்காலின் மேல் இருந்தால் அது சபையுடையதாக இல்லாமலும் இருக்கலாம், கிராம அலுவலரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் செவிப்புலனற்ற ஐந்து இளைஞர்கள். சபைக் கூட்டத்தைப் பார்க்கப் போனோம், ஒன்றும் விளங்கவில்லை. (கிளிநொச்சி)

சைகைமொழி உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று செயலாளருக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் எழுதுங்கள். நிகழ்ச்சி நிரலின் பிரதியையும் கேளுங்கள், எந்த விடயம் பேசப்படுகிறது என்பதாவது கையில் இருக்கும். பணமில்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதை இணைத்து, உரைபெயர்ப்புக்கு ஒரு சின்னத் தொகையை அடுத்த பாதீட்டில் கேளுங்கள். இங்கே தகுதியான உரைபெயர்ப்பாளர்கள் குறைவு, அதனால் யாரைக் கூப்பிடலாம் என்பதையும் நீங்களே எழுதிக்கொடுங்கள். உங்களுக்குக் கை விளங்குகிற ஆள் யார் என்று சபைக்குத் தெரியாது.

கேள்வி: தகவல் கேட்டு 14 நாள் தாண்டிவிட்டது. பதில் இல்லை. (துணுக்காய்)

வேலை நாளாக எண்ணினீர்களா? 14 வேலை நாள் என்றால் ஏறத்தாழ மூன்று கிழமை. அதுவும் தாண்டிவிட்டால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இருந்தால் நாளைக்கே மேன்முறையீட்டை எழுதுங்கள். இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.