ரசத்தில் தாளிப்பு கொட்டியதும் மணம் தூக்குவது ஏன்?

"கடுகு, சீரகத்தை ரசத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் அந்த மணம் வருவதில்லையே, ஏன்? சளி பிடித்தால் ருசியே தெரியாமல் போவது எதனால்?"

சூடான எண்ணெயில் மசாலாப் பொருள்களைச் சில நொடிகள் பொரிப்பதுதான் தாளிப்பு. சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணப்பொருள்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து நின்றுவிடும். எண்ணெயோ அதைத் தாண்டிச் சூடேறுவதால், பச்சையாக இருந்தபோது இல்லாத வறுத்த மணமும் உண்டாகிறது. கடுகு வெடிப்பது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால். கடுகு வெடித்தபின் சீரகம், கடைசியில் பெருங்காயம், கறிவேப்பிலை என்பதே சரியான வரிசை. எண்ணெய் புகைந்தால் மணம் பறந்துவிடும். கருகிய சீரகம் கசக்கும்.

இனி மூக்கு. ரசத்தை விழுங்கி மூச்சு விடும்போது, வாயிலுள்ள மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகிறது. ராயபுரத்து அடுக்கு வீடுகளில் கீழ்வீட்டில் வஞ்சிரம் வறுத்தால், வாசற்கதவைச் சாத்தியிருந்தாலும் மாடிப்படி வழியாக மணம் மேல்வீட்டுக்கு வந்துவிடுமே, அப்படித்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ரசம் குடியுங்கள்: புளிப்பும் உப்பும் மிளகின் காரமும் மட்டும் தெரியும். விரலை எடுத்து மூச்சு விட்டதும் சீரகமும் பெருங்காயமும் வந்து சேரும். மூளை அந்த மணத்தை வாயில் நிகழும் ருசியாகவே கணக்கு வைக்கிறது.

சளிக் காலத்தில் "நாக்கு செத்துப்போயிற்று" என்கிறோம். பெரும்பாலும் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அடைபட்டிருப்பது மூக்கின் பின்வழி.