பாதியில் நிறுத்திய பாட்டிலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: முகப்பரு வடுக்களுக்கான சீரம் ஒன்றைச் சொந்த பிராண்டாகக் கொண்டுவரப் போகிறேன். "20 முதல் 45 வயதுப் பெண்கள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் பெர்சோனா, அதாவது வாங்கப்போகும் ஆள் எப்படிப்பட்டவர் என்ற சித்திரம், எழுதச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது? விலையை அதை வைத்து முடிவு செய்ய முடியுமா?

பதில்: முதலில் அந்த வயதை அடித்துவிடுங்கள். ஒரே வயதில் இருவர் இரண்டு விதமாக வாங்குவார்கள். நானும் ஆரம்பத்தில் பெயர், புகைப்படம், பொழுதுபோக்கு என்று அழகாக எழுதியவன்தான். பூனை பிடிக்கும் என்று எழுதியதால் பாட்டிலின் மூடிகூட மாறவில்லை.

வடு உள்ள எட்டுப் பத்துப் பேரிடம் பேசுங்கள்; நண்பர்கள் வேண்டாம், மனம் நோகாமல் பேசுவார்கள். "இதை வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். கடைசியாக எதை வாங்கினீர்கள், எதைப் பாதியில் நிறுத்தினீர்கள், ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒருவரிடம் பாதி தீர்ந்த மூன்று சீரம் பாட்டில்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் வாசனை சேர்த்தவை, ஒன்று எரிந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் பின்பக்க லேபிளைப் படிக்காமல் வாங்குவதில்லை. இதே கதையை நாலைந்து பேர் சொன்னால் அதுதான் உங்கள் பெர்சோனா. "பாதியில் நிறுத்துபவர்" என்றே பெயர் வையுங்கள். அவருடைய பயம் இரண்டு: முகம் எரியும், பணம் வீணாகும்.

இனி ஒவ்வொரு முடிவையும் அவரிடம் கேளுங்கள். வாசனை வேண்டாம். "ஏழே நாளில் பளபளப்பு" என்ற வரி அவரைத் துரத்திவிடும். முதலில் உள்முழங்கையில் தடவிப் பாருங்கள் என்ற வரி நிறுத்திப் படிக்க வைக்கும்.

விலையில்தான் பெர்சோனா உண்மையாக உழைக்கும். அவர் பயப்படுவது விலைக்கு அல்ல, 30 மில்லி பாட்டில் பாதியில் வீணாவதற்கு. அதனால் 10 மில்லி சின்னப் பாட்டில் ஒன்றையும் சேர்த்து விற்கலாம். ஒரு வேளைக்கு 0.3 மில்லி, தினம் இரு வேளை என்றால் 10 மில்லி பதினாறு நாள் வரும். எரிச்சல் வருகிறதா என்று பார்க்க அது போதும். வடு மங்கப் பல வாரங்கள் ஆகும், அதையும் அட்டையிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டில், டிராப்பர், அட்டைப்பெட்டிச் செலவு சின்ன அளவிலும் பெரிதாகக் குறையாது. அதனால் மில்லி கணக்கில் 10 மில்லி விலை கூடுதலாகத்தான் இருக்கும், அவர் பொறுத்துக்கொள்வார். எவ்வளவு வரை என்பதற்கு, அந்த மூன்று பாட்டில்களுக்கு அவர் கொடுத்த விலைதான் அளவுகோல். உங்கள் அடக்க விலையும் கடைக்காரர் கமிஷனும் அதற்குள் அடங்கவில்லையென்றால், விலையைக் குறைத்து நஷ்டப்படாதீர்கள். அளவையோ ஆளையோ மாற்றுங்கள்.

யாருக்கு இல்லை என்றும் ஒரு வரி எழுதுங்கள்: நல்ல வாசனையும் உடனடி மினுமினுப்பும் தேடுபவர். தங்க நிறப் பெட்டி கேட்டு யாராவது வரும்போது காட்ட உதவும்.

முதல் ஐம்பது ஆர்டர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் நேராக 30 மில்லியை எடுத்தால் நீங்கள் எழுதிய ஆள் அவர்கள் இல்லை. அவர்களை அழைத்து, பாதியில் நிறுத்தியது எது என்று மறுபடி கேளுங்கள்.