சிவப்புப் புழு மட்டும் வந்தால் ஓடை கெட்டுவிட்டதா?

"மரங்களில் கல்பாசி நிறைய இருக்கு, ஓடையில் வெறும் சிவப்புப் புழுதான் வலையில் வருது. எதை நம்புறது?"

இரண்டையும் நம்பலாம், கல்பாசி காற்றைச் சொல்கிறது, புழு தண்ணீரைச் சொல்கிறது. ஆனால் பட்டையோடு ஒட்டிய வகை மட்டும்தான் இருக்கிறது என்றால் காற்று சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள், அது மாசையும் ஓரளவு தாங்கும்.

சரி, வலையை எங்கே போட்டீர்கள்? சேறு படிந்த தேங்கலில் என்றால் நல்ல ஓடையிலும் சிவப்புப் புழு வரும், உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிக்கும். கற்கள் மேல் தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் வலையை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்து, அதற்கு மேற்பக்கம் உள்ள கற்களைக் காலால் 3 நிமிடம் கிளறுங்கள். இரண்டு வாலோடு, வயிற்றோரம் செவுள் இல்லாத ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சுகள் வந்தால் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. அங்கேயும் சிவப்புப் புழு மட்டும்தான் என்றால், மேல்நோக்கி நடந்து ஒவ்வொரு வாய்க்கால் சேரும் இடத்துக்கும் மேலும் கீழும் இதையே செய்யுங்கள், கழிவு கலக்கும் இடம் பிடிபடும்.